கீழே சாய்ந்த சிவப்பு

பிளஸ் டூ படிக்கிற பையன். ஒன்றரை வருடத்தில் மூன்று கண்ணாடி மாற்றியாகிவிட்டது. மூன்று சீட்டுகளையும் அவன் அம்மா மடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். மேசைமேல் வரிசையாக விரித்துப் பார்த்தேன். வலது கண்ணின் சிலிண்டர் பவர் முதல் சீட்டில் 1.25, அடுத்ததில் 2.25, கடைசியில் 3.50. பவர் ஏறியதோடு அதன் கோணமும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திரும்பியிருந்தது.

“கண்ணாடி போட்டும் போர்டுல எழுத்துக்கு நிழல் விழுற மாதிரி இருக்குன்னு சொல்றான் சார். கடையில சரியாப் போடலையோன்னு மறுபடி மாத்திக் கொடுத்தோம்” என்றார் அம்மா.

கடையில் தவறில்லை. வலது கண்ணில் எந்தக் கண்ணாடியை வைத்தாலும் அவனால் 6/12 வரிசைக்குக் கீழே படிக்க முடியவில்லை. இடது கண்ணில் கண்ணாடியோடு 6/6 வரைக்கும் தடங்கலில்லாமல் படித்தான். இருட்டறையில் ரெட்டினாஸ்கோப்பின் ஒளிக்கீற்றை வலது கண்ணுக்குள் ஆட்டிப் பார்த்தபோது, உள்ளிருந்து திரும்பி வரும் சிவந்த ஒளி ஒரே பட்டையாக நகரவில்லை. இரண்டாகப் பிரிந்து, கத்தரிக்கோலின் அலகுகள் போலத் திறந்து மூடியது. அதைப் பார்த்த பிறகு இன்னொரு கண்ணாடி எழுதிக் கொடுப்பதில் பொருளில்லை. டோபோகிராஃபிக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் கையில் வண்ணத் தாள் இருந்தது. கண் ஒவ்வொன்றுக்கும் நான்கு வட்டங்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, நீலம் எல்லாம் அதில் உண்டு. இந்தத் தாளை வாங்கிய எல்லோரும் செய்வதைத்தான் அந்த அம்மாவும் செய்தார். சிவப்பைத் தொட்டுக் காட்டி, “இது புண்ணா சார்?” என்று கேட்டார்.

புண் இல்லை. அந்தச் சிவப்பு கண்ணின் நிறத்தைக் காட்டவில்லை, நோயின் நிறத்தையும் காட்டவில்லை. ஓர் எண்ணுக்கு மாட்டிவிட்ட சட்டை அது. எந்த எண்ணுக்கு என்பதை வட்டத்தின் ஓரத்தில் நிற்கும் வண்ணப் பட்டைதான் சொல்லும். பட்டையைப் படிக்காமல் தாளைப் படித்தால் நல்ல கண்ணை நோய்க் கண் என்று நினைக்கலாம், நோய்க் கண்ணை நல்ல கண் என்று விட்டும்விடலாம். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கண்ணின் முன்பக்கத்தில், கறுப்பு வட்டத்தின் மேல் வாட்ச் கண்ணாடி போலக் கவிந்திருக்கும் தெளிந்த படலம்தான் கார்னியா. கருவிழி என்றும் சொல்கிறோம். அகலம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். நடுவில் அதன் தடிமன் சுமார் 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். ஓரத்துக்குப் போகப் போகத் தடிக்கும். கண்ணுக்குள் ஒளி வளையும் மொத்த அளவில் மூன்றில் இரண்டு பங்கு இந்த மெல்லிய படலத்தின் வளைவிலேயே நடந்துவிடுகிறது. அதனால் வளைவு எங்காவது ஒரு மயிரிழை பிசகினாலும் பார்வையில் தெரியும்.

அந்த வளைவைத் தொடாமல் அளப்பது எப்படி? வீட்டில் இருக்கும் எவர்சில்வர் கரண்டியைக் கவிழ்த்து, அதன் முதுகில் உங்கள் முகத்தைப் பாருங்கள். பெரிய குழிக்கரண்டியில் முகம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். சின்ன டீஸ்பூனின் முதுகில் முகம் சுருங்கிவிடும். புடைத்த பரப்பு எவ்வளவு கூர்மையாக வளைகிறதோ அவ்வளவு சிறிதாகப் பிம்பம் தெரியும். கண்ணீர் பூசிய கார்னியாவும் ஒரு புடைத்த கண்ணாடிதான். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்தைச் சேர்ந்த கண் மருத்துவர் அன்டோனியோ பிளாசிடோ 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைப் பயன்படுத்திக்கொண்டார். ஒரு வட்டத் தட்டில் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் வரைந்து, நடுவில் ஓட்டை போட்டு, அதன் வழியே நோயாளியின் கண்ணைப் பார்த்தார். கண்ணில் விழும் வளையங்களின் பிம்பம் ஒழுங்கான வட்டமாக, சம இடைவெளியோடு இருந்தால் பரப்பு ஒழுங்கு. ஒரு பக்கத்தில் வளையங்கள் நெருக்கி அடித்துக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் வளைவு கூர்மை. முட்டை வடிவமாக இழுபட்டால் சிலிண்டர் பவர்.

நூறு ஆண்டுகள் வளையங்களைக் கண்ணால் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள். முற்றிய கூம்பு அதில் தெரியும், ஆரம்பக் கூம்பு தப்பிவிடும். வளையங்கள் ஒரு துளி நெருங்கியிருப்பதை மனிதக் கண்ணால் கணிக்க முடியாது. 1980களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஸ்டீபன் கிளைஸ் என்ற ஆய்வாளர் இந்த வளையப் படங்களைக் கணினிக்குள் கொடுத்து, பரப்பில் ஆயிரக்கணக்கான புள்ளிகளில் வளைவைக் கணக்கிட வைத்தார். அத்தனை எண்களையும் ஒரு தாளில் அச்சிட்டால் யாருக்கும் புரியாது. எண்களுக்குப் பதில் நிறம் கொடுத்தார்கள். கூர்மையான வளைவுக்குச் சிவப்பும் ஆரஞ்சும், தட்டையான வளைவுக்கு நீலம், நடுத்தரத்துக்குப் பச்சை. இன்றைக்கு நம் கைக்கு வரும் தாளுக்கு மூலம் இதுதான்.

எண்ணுக்கு அலகு டையாப்டர், நாம் வாயால் சொல்லும் ‘பவர்’. கணக்கு எளியது. வளைவின் ஆரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, 337.5ஐ அதனால் வகுத்தால் டையாப்டர் கிடைக்கும். ஆரம் 7.8 மில்லிமீட்டர் என்றால் சுமார் 43 டையாப்டர், இது சராசரிக் கண். 7.5 என்றால் 45. நம் பையனின் வலது கண்ணில் மிகச் சிவந்த இடத்தில் 53.4 என்று போட்டிருந்தது. அந்த இடத்தில் கார்னியா 6.3 மில்லிமீட்டர் ஆரத்துக்குச் சுருங்கி வளைந்திருக்கிறது என்று அர்த்தம். குழிக்கரண்டியாக இருக்க வேண்டிய இடம் டீஸ்பூனாகிவிட்டது.

இனி வண்ணப் பட்டை. சிறிது காலம் முன்பு ஒரு கல்லூரிப் பெண் வேறோர் இடத்தில் எடுத்த தாளோடு வந்தார். நடுவில் நல்ல சிவப்பு, சுற்றிலும் மஞ்சள், பச்சை, நீலம். இணையத்தில் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தனக்குக் கூம்பு நோய்தான் என்று முடிவுகட்டி இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்றார். நான் வட்டத்தைப் பார்க்கும் முன் பட்டையைப் பார்த்தேன். அதன் உச்சியில் 44.5, அடியில் 42.0. அந்தப் பயங்கரச் சிவப்பின் மதிப்பு 44.2 டையாப்டர். கருவி அந்தக் கண்ணிலேயே இருந்த மிகக் கூடிய எண்ணையும் மிகக் குறைந்த எண்ணையும் எடுத்து, அவற்றுக்கிடையே எல்லா நிறங்களையும் பரப்பிவிட்டது. இப்படிப்பட்ட அளவுகோலில் உலகத்தின் எந்தக் கண்ணிலும் எங்காவது ஒரு சிவப்பு வந்தே தீரும். அதே கண்ணை நிலையான அளவுகோலுக்கு மாற்றினோம். தாள் முழுக்க அமைதியான பச்சையும் கொஞ்சம் மஞ்சளும்தான். கண்ணில் எதுவும் மாறவில்லை, சட்டை மட்டும் மாறியது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையே எத்தனை டையாப்டர் என்பதையும் பட்டை சொல்லும். கால் டையாப்டருக்கு ஒரு நிறம் வைத்தால் நல்ல கண்ணும் வானவில்லாகத் தெரியும். மூன்று டையாப்டருக்கு ஒரு நிறம் வைத்தால் ஆரம்பக் கூம்பு ஒரே பச்சைக்குள் பதுங்கிவிடும். அதனால்தான் நிலையான அளவுகோலையும், பலர் கையாளும் ஒன்றரை டையாப்டர் போன்ற நடுத்தரப் படியையும் நான் விரும்புகிறேன். இரண்டு தாள்களை ஒப்பிடும்போது இரண்டிலும் பட்டை ஒன்றேதானா என்று பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

அடுத்தது வடிவம். ஒழுங்கான கார்னியா பெரும்பாலும் வட்டமாகவோ, நீள்வட்டமாகவோ, இரண்டு இதழ்கள் ஒன்றையொன்று முட்டி நிற்கும் ‘போ’ டை போலவோ தெரியும். போ டை என்றால் சாதாரண சிலிண்டர் பவர்தான். இளம் வயதில் அது அநேகமாகச் செங்குத்தாக நிற்கும். மேல் இதழும் கீழ் இதழும் ஏறத்தாழ ஒரே அளவு, ஒரே நேர்க்கோட்டில். இதற்கு ஒரு கண்ணாடி போட்டால் போதும்.

கூம்பு நோயில் இந்த ஒழுங்கு குலைவதைப் பார்க்கலாம். கீழ் இதழ் வீங்கும், மேல் இதழ் சுருங்கும். பிறகு இரண்டு இதழ்களும் ஒரே கோட்டில் நிற்காமல், இடுப்பு ஒடிந்தது போல ஒரு பக்கம் சாயும். இன்னும் முற்றினால் இதழ்களே மறைந்து, நடுவுக்குக் கீழே ஒரு சிவப்புத் தீவு மட்டும் நிற்கும். அந்தத் தீவு அநேகமாகக் கீழும் வெளிப்புறமுமாக, காதுப் பக்கம் தள்ளி இருக்கும். தாளில் நீங்கள் பார்ப்பது எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணை. ஆகவே வலது கண்ணின் வரைபடத்தில் மூக்கு உங்களுக்கு வலப்பக்கம், காது இடப்பக்கம். வலது கண்ணின் கூம்பு கடிகாரத்தில் ஏழு, எட்டு மணி இருக்கும் திசையில் தெரியும். நம் பையனின் சிவப்பு சரியாக அங்கேதான் இருந்தது.

அவன் தாளில் இன்னொன்றையும் அந்த அம்மா கவனித்துக் கேட்டார். “கீழே இவ்ளோ செவப்பா இருக்கே, மேல மட்டும் ஏன் சார் நீலமாயிருக்கு?” நல்ல கேள்வி. சைக்கிள் ட்யூபில் ஓரிடம் இளைத்திருந்தால், காற்றடிக்கும்போது அந்த இடம் முட்டை போலத் தள்ளிக்கொண்டு வரும். கார்னியாவுக்குப் பின்னாலும் அழுத்தம் உண்டு. கண்ணுக்குள் இருக்கும் நீர் எப்போதும் அதை முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. கார்னியாவின் நடு அடுக்கில் கொலாஜன் இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி அந்தத் தள்ளலைத் தாங்குகின்றன. ஓரிடத்தில் பின்னல் தளர்ந்து இழைகள் விலகினால் அந்த இடம் மெலிகிறது, மெலிந்த இடம் முன்னால் தள்ளுகிறது, தள்ளிய உச்சியில் வளைவு கூர்மையாகிறது. அதுதான் சிவப்பு. ஆனால் கார்னியாவின் மொத்தப் பரப்பு பெரிதாகக் கூடிவிடுவதில்லை. உச்சி கீழே சரிந்ததால் மேலே எஞ்சிய பகுதி ஒரு சரிவாக நீண்டு தட்டையாகிறது. அதுதான் நீலம். தள்ளிய தொப்பையும் அதற்கு மேலே ஓடுங்கிய மார்பும் போல இரண்டும் சேர்ந்தே வரும்.

இந்தக் கீழ் மேல் வித்தியாசத்தை எண்ணால் சொல்ல யாரோன் ராபினோவிட்ஸ் என்ற மருத்துவர் ஒரு வழி வகுத்தார். நடுவிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி, கீழ்ப்பாதியில் ஐந்து புள்ளிகளின் சராசரியை எடுக்க வேண்டும். மேல்பாதியிலும் அதேபோல ஐந்து. கீழ்ச் சராசரியிலிருந்து மேல் சராசரியைக் கழிக்க வேண்டும். விடை 1.4 டையாப்டரைத் தாண்டினால் சந்தேகம். நம் பையனின் வலது கண்ணுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, பார்த்தாலே தெரிகிறது. கணக்கு தேவைப்பட்டது 6/6 படித்த இடது கண்ணுக்கு. அதில் நிறங்கள் பச்சையும் மஞ்சளும்தான், சிவப்பே கிடையாது. ஆனால் கீழே 45.0, மேலே 43.1. வித்தியாசம் 1.9.

இந்த நோய் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும், ஆனால் ஒரே வேகத்தில் வராது. ஒரு கண் முந்திக்கொள்ளும். அதனால் ‘நல்ல’ கண்ணின் தாளைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். ஒழுங்கான ஒருவரின் இரண்டு கண் வரைபடங்களும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். பையனின் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இடது கண் வலது கண்ணின் பழைய புகைப்படம் போல இருந்தது.

இதுவரை சொன்னது நான்கு வட்டங்களில் முதலாவதைப் பற்றித்தான், முன்பரப்பின் வளைவு. மீதி மூன்றும் வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. அவற்றை எடுக்க வளையங்கள் போதாது, ஏனென்றால் வளையப் பிம்பம் முன்பரப்பை மட்டுமே காட்டும். ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளுக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலூனிலிருந்து சாய்வாக எடுத்த நிலப்படங்களைச் சரிசெய்யும் முறைகளைத் தேடினார். சாய்ந்த தளம் முழுவதும் ஒரே நேரத்தில் தெளிவாக விழ, லென்ஸையும் பிலிமையும் எப்படிச் சாய்க்க வேண்டும் என்பதற்கான விதி அவர் பெயரால் வழங்குகிறது. இன்றைய கருவிகள் பலவற்றில் அந்த விதிப்படி சாய்த்த கேமரா ஒன்று, நீல ஒளிக்கீற்றோடு சேர்ந்து கண்ணைச் சுமார் இரண்டு நொடியில் சுற்றி வந்து, கார்னியாவைப் பல கோணங்களில் கேக் வெட்டுவது போல வெட்டிப் படமெடுக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் முன்பரப்பு, பின்பரப்பு, இடையிலுள்ள தடிமன் எல்லாம் தெரிந்துவிடும்.

தடிமன் வரைபடத்தில் பெரும்பாலான கருவிகள் மெலிந்த இடத்துக்குச் சிவப்பு, தடித்த இடத்துக்கு நீலம் கொடுக்கின்றன. முதல் வட்டத்தில் பெரிய எண்ணுக்குச் சிவப்பு, இதில் சிறிய எண்ணுக்குச் சிவப்பு. இந்த மாற்றத்தில் தடுமாறாதவர்கள் குறைவு. நல்ல கண்ணில் இது குளத்தில் கல் எறிந்தது போல, நடுவுக்கு அருகில் மெலிந்த புள்ளியும் சுற்றிலும் ஒழுங்காகத் தடிக்கும் வளையங்களுமாகத் தெரியும். கூம்புக் கண்ணில் கல் விழுந்த இடம் கீழே தள்ளிப் போயிருக்கும். தடிமனும் அந்த இடத்திலிருந்து ஓரத்துக்கு வேகமாக ஏறும். பையனின் வலது கண்ணில் மிக மெலிந்த இடம் 458 மைக்ரான், இடது கண்ணில் 497.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எண் குறைவாக இருப்பது மட்டும் நோயல்ல. பிறவியிலேயே 480 மைக்ரான் கார்னியா உள்ளவர்கள் உண்டு. அவர்கள் கார்னியா எல்லா இடத்திலும் ஒழுங்காக மெல்லியது, வளையங்கள் நடுவிலேயே நிற்கும், பார்வையும் நன்றாக இருக்கும். எவ்வளவு மெலிந்தது என்பதோடு, மெலிந்த இடம் எங்கே இருக்கிறது, அங்கிருந்து எவ்வளவு வேகமாகத் தடிக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மற்ற இரண்டு வட்டங்கள் உயரத்தைச் சொல்பவை, ஒன்று முன்பரப்புக்கு, ஒன்று பின்பரப்புக்கு. மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து சொல்கிறோம் அல்லவா? கண்ணுக்கு அப்படியொரு கடல் மட்டத்தைக் கருவி தானே செய்துகொள்கிறது. அந்தப் பரப்போடு மிகவும் ஒத்துப்போகும் ஒரு கோளத்தைக் கணக்கில் வைத்து, பரப்பு அதற்கு மேலே எத்தனை மைக்ரான் எழும்புகிறது, கீழே எத்தனை மைக்ரான் இறங்குகிறது என்று நிறமிடும். எழும்பினால் சூடான நிறம், இறங்கினால் குளிர்ந்த நிறம். வளைவு வேறு, உயரம் வேறு என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வளைவு வரைபடம் கண் பார்க்கும் திசையைச் சார்ந்தது. கண் கருவியை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஒதுங்கினால், ஒழுங்கான போ டையும் சாய்ந்த போ டையாகத் தெரியக்கூடும். உயர வரைபடம் அவ்வளவு எளிதில் ஏமாறாது. உண்மையான மேடு இருந்தால்தான் மேடு காட்டும்.

பையனின் வலது கண்ணில் முன்பரப்பு 18 மைக்ரான் எழும்பியிருந்தது, பின்பரப்பு 41. இடது கண்ணில் முன்பரப்பு 6, பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பின்பரப்பு 19. முன்னால் அமைதி, பின்னால் சலசலப்பு. இதற்குக் காரணம் கார்னியாவின் மேல்தோல். சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள இந்தத் தோல் சும்மா போர்த்தியிருக்கும் துணியல்ல. அடியில் மேடு எழும்பினால் மேட்டின் உச்சியில் தான் மெலிந்து, சுற்றிலும் தடித்து, மேற்பரப்பைச் சமன்படுத்தப் பார்க்கும். மேடுபள்ளமான சுவரில் பட்டி பூசுபவர் செய்வதும் இதுதான். அதனால் ஆரம்பக் கூம்பை முன்பரப்பு சில காலம் மறைத்துவிடும். பின்பரப்பில் பட்டி பூச அப்படியொரு தோல் இல்லை. அங்கே மேடு மேடாகவே நிற்கும். இப்போது ஓசிடி கருவியால் மேல்தோலின் தடிமனை மட்டும் தனியாக வரைபடம் போடலாம். நடுவில் மெலிந்து சுற்றிலும் தடித்த வடை போன்ற உருவம் அதில் தெரிந்தால், அடியில் கூம்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு வட்டங்களையும் சேர்த்து நான் தேடுவது ஒன்றுதான். முதல் வட்டத்தின் கூர்மையான இடம், முன்பரப்பின் மேடு, பின்பரப்பின் மேடு, தடிமனின் மெலிந்த புள்ளி ஆகிய நான்கும் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா? காட்டினால் அது கூம்பு. வலது கண்ணில் நான்கும் ஏழரை மணித் திசையில் ஒரு விரல் நுனிக்குள் அடங்கின. இடது கண்ணில் வளைவு, பின்பரப்பு, தடிமன் மூன்றும் ஓரிடத்தைக் காட்டின, முன்பரப்பின் மேடு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு வரைபடம் மட்டும் கத்தி, மற்ற மூன்றும் மௌனமாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கண்ணையல்ல, படமெடுத்த விதத்தை.

ஏனென்றால் படம் கெடுவது எளிது. வறண்ட கண்ணில் கண்ணீர்ப் படலம் நொடிகளில் உடையும். உடைந்த இடத்தில் வளையங்கள் நெளிந்து, வரைபடத்தில் இல்லாத மேடும் பள்ளமும் முளைக்கும். இமையை இறுக்கி மூடித் திறப்பவர்களுக்கு இமையின் அழுத்தமே போதும். மேலிமை தாழ்ந்திருந்தால் மேல்பகுதி படத்திலேயே இல்லாமல் போகும். அங்கே கருவி பக்கத்து எண்களை வைத்து ஊகித்து நிரப்பும். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். லென்ஸ் கார்னியாவை அமுக்கிக் கூம்பு போன்ற வடிவத்தை உண்டாக்கிவிடும். அதைக் கழற்றிவிட்டு மென்லென்ஸ் என்றால் ஒன்று, இரண்டு வாரமும், கடின லென்ஸ் என்றால் இன்னும் கூடுதலாகவும் காத்திருந்து எடுக்க வேண்டும். பொய்யான கூம்பு அதற்குள் கலைந்துபோகும், உண்மையான கூம்பு நிற்கும். தாளின் ஒரு மூலையில் படத்தின் தரம் குறித்துக் கருவியே ஒரு சொல் போட்டிருக்கும். அது ‘OK’ என்று இல்லாவிட்டால் அந்தத் தாளை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பையனுக்கு ஒவ்வொரு கண்ணிலும் மூன்று முறை எடுத்தோம். மூன்றும் ஒத்துப்போயின.

கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று லேசர் சிகிச்சைக்கு வருபவர்கள் எல்லோருக்கும் இந்தத் தாளை முன்கூட்டியே எடுப்பதும் இதனால்தான். லேசிக் முறை கார்னியாவைச் செதுக்கி மெலிதாக்குகிறது. இந்தப் பையனின் இடது கண் போன்ற ஒரு கண், 6/6 படிக்கும் கண், தெரியாமல் செதுக்கப்பட்டால் மெலிந்த பின்னல் இன்னும் மெலிந்து, இல்லாத அவசரத்தில் கூம்பு கிளம்பிவிடும். தங்களுக்கு லேசர் முடியாது என்று மருத்துவர் சொன்னதால் வருத்தப்படுபவர்களிடம், உங்கள் தாளில் எந்த வட்டத்தைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன்.

வலது கண்ணுக்கு என்ன செய்வது என்பதைக் கார்னியா மருத்துவர் அந்த வாரமே முடிவுசெய்தார். வயது 17, பவர் ஏறிக்கொண்டே இருக்கிறது, காத்திருக்க இடமில்லை. கொலாஜன் கிராஸ்லிங்கிங் என்ற சிகிச்சை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாகி, நோயாளிகளிடம் கிடைத்த முதல் முடிவுகள் 2003இல் வெளியாயின. கார்னியாவில் ரைபோஃபிளேவின் சொட்டுகளை, அதாவது வைட்டமின் பி2ஐ, ஊறவைத்து, அளவான புற ஊதா ஒளியை அதன்மேல் பாய்ச்சுகிறார்கள். தளர்ந்த இழைகளுக்கு இடையே புதிய முடிச்சுகள் விழுந்து படலம் விறைக்கிறது. மூல முறையில் ஒளி அரை மணி நேரம். இது கூம்பை நிறுத்தத்தான், கரைக்க அல்ல. நிழல் விழும் பார்வைக்குக் கடின காண்டாக்ட் லென்ஸோ ஸ்கிளீரல் லென்ஸோ பிறகு வேண்டியிருக்கும். லென்ஸுக்கும் கூம்புக்கும் நடுவே கண்ணீர் நிறைந்து மேடுபள்ளத்தைச் சமமாக்கிவிடும்.

அந்த ஒளி கண்ணின் உட்புறச் செல்களைச் சுடாமல் இருக்க, மேல்தோலைச் சுரண்டிய பிறகு குறைந்தது 400 மைக்ரான் தடிமன் மிஞ்ச வேண்டும் என்பது மூல முறையின் விதி. தாளில் இருந்த 458இல் மேல்தோல் 50 போனால் 408. எட்டு மைக்ரான் மிச்சம். மெல்லிய கார்னியாவை ஊதவைத்துச் செய்யும் மாற்று வழிகள் உண்டு என்றாலும், நேர்வழி திறந்திருக்கும்போதே செய்வது நல்லது. மூன்றாவது கண்ணாடி மாற்றியதற்குப் பதில் அந்த மாதம் இந்தத் தாளை எடுத்திருந்தால் கையில் இன்னும் கூடுதல் மைக்ரான்கள் இருந்திருக்கும். இதை அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், வேறு யாராவது மூன்றாவது சீட்டை மடித்து வைக்கும் முன் படிக்கட்டும்.

“தம்பி, கண்ணு அரிக்குமா?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லும் முன் அம்மா சொன்னார். சின்ன வயதிலிருந்தே வெயில் காலத்தில் கண் சிவந்து அரிக்கும், முழங்கை மடக்கி விரல் முட்டியால் தேய்ப்பான். ஒவ்வாமையால் வரும் இந்த அரிப்பும் கசக்கலும் கூம்பு நோயோடு கைகோத்து நடப்பவை. முட்டியால் தேய்ப்பது விரல் நுனியால் தேய்ப்பதைவிட மோசம், அழுத்தம் அதில் அதிகம். அரிப்புக்கு மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்தார். இடது கண்ணை நான்கு மாதம் கழித்து அதே கருவியில், அதே அளவுகோலில் மறுபடி பார்ப்பதாக முடிவாயிற்று. வேறு கருவியின் எண்ணோடு ஒப்பிட்டால் கண் மாறியதா, கருவி மாறியதா என்று சொல்ல முடியாது.

நான்கு மாதம் கழித்து வந்தார்கள். இந்த முறை எடுத்தது கழித்தல் வரைபடம். பழைய தாள் ஒரு பக்கம், புதிய தாள் ஒரு பக்கம், நடுவில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்த வட்டம். இதில் சிவப்பு என்றால் ‘கூர்மை’ என்று பொருளல்ல, ‘கூடியிருக்கிறது’ என்று பொருள். பச்சை என்றால் மாற்றமில்லை. இடது கண்ணின் உச்ச வளைவு 46.6இலிருந்து 46.8, மெலிந்த இடம் 497இலிருந்து 495. இந்த அளவு வித்தியாசம் ஒரே நாளில் இரண்டு முறை எடுத்தாலும் வரும். நடுவட்டம் முழுக்கப் பச்சையாக இருந்தது.

“கசக்குறத விட்டுட்டியா தம்பி?”

“முழிச்சிருக்கும்போது இல்ல சார். தூக்கத்துல தெரியல.”

“நாந்தான் ராத்திரி எந்திரிச்சு கைய எடுத்து விடுறேன் சார்” என்றார் அம்மா. “இப்பல்லாம் ரெண்டு நாளைக்கு ஒருவாட்டிதான்.”

அடுத்த தேதியைப் பழைய மூன்று கண்ணாடிச் சீட்டுகளின் பின்னால் எழுதாமல், வண்ணத் தாளின் ஓரத்தில், 495க்குப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.